80/20 கொத்துக்கறியில் நாலு பர்கர் வடை: கொழுப்பும் புரதமும் எங்கே போகின்றன

போன ஞாயிற்றுக்கிழமை காலை குளிர்பெட்டியிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருந்த மாட்டுக்கொழுப்பைக் கரண்டியால் நெம்பி எடுத்து, ஈரத்தை ஒற்றி, தராசில் வைத்தேன். 38 கிராம். மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருந்த கணக்கு அப்போதுதான் ஒருவழியாக நேரானது. நடுவில் செய்த தவறுகளையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில். வீட்டில் வாரம் ஒரு தடவை பர்கர் உண்டு. வசந்த காலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருந்தது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பினார். மனைவி உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறாள், அவளுக்குப் புரதம் வேண்டும். அதனால் பர்கருக்குள் வைக்கும் அந்த ஒரு இறைச்சி வடையில் எது எவ்வளவு என்று இரண்டு பேருக்குமே தெரிய வேண்டியிருந்தது. (கடையில் அதை வேறு பெயரில் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது வடைதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

இங்கே மாட்டுக் கொத்துக்கறிப் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் 80/20, 85/15, 90/10, 93/7 என்று போட்டிருக்கும். முதல் எண் லீன், அதாவது கொழுப்பு நீங்கலான பகுதி. இரண்டாவது எண் கொழுப்பு. இரண்டும் பச்சைக் கறியின் எடையில் சதவீதம். லீன் சதவீதத்தைப் போட்டால் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், கொழுப்புச் சதவீதத்தையும் போட வேண்டும் என்பது இங்குள்ள விதி. 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் கிரவுண்ட் பீஃப் என்ற பெயரில் விற்கவே முடியாது. சக், ரவுண்ட், சர்லாய்ன் என்றும் சில பொட்டலங்களில் இருக்கும். அவை மாட்டின் எந்தப் பாகம் என்பதைச் சொல்லும் பெயர்கள். கொழுப்பு எவ்வளவு என்பதை அவற்றை வைத்து முடிவு செய்யக்கூடாது. எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் தடுக்கியது இங்கேதான். 80 சதவீதம் லீன் என்றால் முக்கால்வாசிக்கு மேல் புரதம் என்று மனதில் ஒரு படம் இருந்தது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தபோது அந்தப் படம் கலைந்தது. 4 அவுன்ஸுக்கு, அதாவது 113 கிராமுக்கு, கொழுப்பு 23 கிராம், புரதம் 19 கிராம். மீதி 70 கிராம் என்ன? தண்ணீர். கொழுப்பு நீங்கிய சதை என்பது ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு புரதமும் கொஞ்சம் உப்புகளும் சேர்ந்த ஒன்று. 113 கிராம் 80/20 கறியில் லீன் பகுதி 90 கிராம். அந்த 90 கிராமில்தான் இந்த 19 கிராம் புரதம் இருக்கிறது. 90/10 வாங்கினால் அதே எடைக்குக் கொழுப்பு 11 கிராம், புரதம் 23 கிராம். கொழுப்பு சரிபாதியாகிறது, புரதம் நாலு கிராம்தான் ஏறுகிறது. போகும் கொழுப்பின் இடத்தில் வருவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

சரி, இதெல்லாம் பச்சைக் கறியின் கணக்கு. நாங்கள் சாப்பிடுவது வெந்த வடையை. மனைவி தினமும் சாப்பாட்டைப் பதியும் செயலியில் மாதக்கணக்காக என்ன செய்திருக்கிறாள் என்றால், தட்டில் இருக்கும் வெந்த வடையைத் தராசில் வைத்து, 79 கிராம் என்று வந்தால், 80/20 கறி 79 கிராம் என்று போட்டிருக்கிறாள். செயலியில் அந்த வரி பச்சைக் கறிக்கானது. 79 கிராமுக்கு அது காட்டிய புரதம் 13 கிராம் சொச்சம்.

"ஏங்க, அடுப்புல வச்சா புரதம் ஆவியாகிப் போயிடுமா?" என்று கேட்டாள்.

போகாதே. 113 கிராம் வடை வெந்து 79 கிராம் ஆனால் குறைந்த 34 கிராமும் தண்ணீரும் கொழுப்பும்தான். புரதம் ஏறக்குறைய முழுதும் வடைக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்படியானால் குறைந்ததில் தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு? அதை அளந்துவிடலாம் என்று இறங்கினோம்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. 1 கிராம் துல்லியத்தில் காட்டும் சமையல் தராசு, 10 அங்குல வார்ப்பிரும்பு வாணலி, கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி, பேப்பர் டவல், எவர்சில்வர் டம்ளர் ஒன்று. வெப்பமானி மட்டும் புதிதாக வாங்கினேன், 14 டாலர். தராசு 1 கிராம்தான் காட்டுகிறது என்பதால் ஒரு வடையை மட்டும் அளந்தால் பிழை பெரிதாகத் தெரியும். அதனால் ஒரு பவுண்டு பொட்டலத்தை, அது 454 கிராம், நாலு 113 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, நாலையும் சேர்த்து அளந்து கடைசியில் நாலால் வகுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் 80/20. விலை 5.49 டாலர். கறியைப் பிசையாமல் உருட்டி, 11 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் அழுத்தினேன். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் வேகும்போது நடு உப்பி, உருண்டையாகி, ஓரம் காய்ந்து நடு பச்சையாக நிற்கும். உப்பைக் கறியோடு கலக்கவில்லை. கலந்து பிசைந்தால் சதைப் புரதம் கரைந்து ஒட்டிக்கொண்டு, வடை ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. வாணலியில் போடும் நேரத்தில் மேலே தூவினால் போதும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. 80/20க்கு அது தேவையும் இல்லை, அரை நிமிடத்தில் தன் கொழுப்பிலேயே நீந்த ஆரம்பித்துவிடுகிறது.

வெந்ததும் நாலு வடையையும் கம்பித்தட்டில் வைத்து இரண்டு நிமிடம் வடியவிட்டு எடை பார்த்தேன். மொத்தம் 316 கிராம், வடைக்கு 79. வாணலியில் இருந்ததைத் தட்டில் வடிந்ததோடு சேர்த்து டம்ளரில் ஊற்றி எடை போட்டேன். 56 கிராம். 56ஐ நாலால் வகுத்து, வடைக்கு 14 கிராம் கொழுப்பு போய்விட்டது, 23இல் 14 போக 9 கிராம்தான் தங்கியிருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். மனம் துள்ளியது. 80/20 வாங்கியும் பாதிக்குக் கீழே கொழுப்பு என்றால் இனி விலை கூடிய பொட்டலம் எதற்கு?

அந்த டம்ளரைக் கழுவ மறந்து குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு அடுக்கு. மேலே வெள்ளைக் கொழுப்பு, அடியில் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி உறைந்த கறிச்சாறு. ஊற்றிய 56 கிராமும் கொழுப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதற்குள் வேறு மிச்சங்களும் டம்ளரில் சேர்ந்துவிட்டிருந்தன. அதை எடை போட்டுப் பயனில்லை. முதல் வார எண்ணை அடித்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் 90/10, ஒரு பவுண்டு 6.99 டாலர். இந்தத் தடவை இரண்டு இடத்தில் சறுக்கினேன். கொழுப்பு குறைந்த கறி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், அத்தனையும் கொழுப்பு. அதில் எவ்வளவு வடையில் ஏறியது, எவ்வளவு வாணலியில் நின்றது என்று பிரிக்க வழியே இல்லை. அடுத்த சறுக்கல் வேக்காடு. வெப்பமானியை மேலிருந்து செங்குத்தாகக் குத்தினேன். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள வடையில் முனை நேராக அடிப்பக்கத்துக்குப் போய் வாணலியின் சூட்டைத்தான் காட்டியது. எண் தாறுமாறாக ஏறி இறங்க, அதை நம்பாமல் நிறத்தைப் பார்த்து நிறுத்தினேன். எடுத்த பிறகு பக்கவாட்டில் குத்திப் பார்த்தால் 180 டிகிரி ஃபாரன்ஹீட். கொத்துக்கறிக்குப் பாதுகாப்பான அளவு என்று அமெரிக்க வேளாண் துறை சொல்வது 160 டிகிரி, நம் கணக்கில் 71 செல்சியஸ். நிறம் இதற்குச் சாட்சி ஆகாது. வெந்த பிறகும் உள்ளே சிவப்பாக இருக்கலாம், வேகும் முன்பே பழுப்பாகவும் ஆகிவிடலாம். 20 டிகிரி தாண்டியதில் வடை சாறு முழுவதையும் விட்டுவிட்டு மரத்தூள் போல இருந்தது. 80/20 இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், 90/10 பொறுக்காது.

மூன்றாவது வாரம் இரண்டையும் அடுத்தடுத்து ஒரே நாளில் செய்தேன். சனிக்கிழமை மதியம் 80/20, இரவு 90/10. ஒட்டாமல் இருக்க எண்ணெயில் நனைத்த டவலால் வாணலியைத் துடைத்து, உலர்ந்த டவலால் அதையும் துடைத்து எடுத்தேன். தராசு அந்த வித்தியாசத்தை உணரவே இல்லை. வெப்பமானியைப் பக்கவாட்டில் நடுவரை செருகி, 160 தொட்டதும் எடுத்தேன். வடித்ததைத் தனித்தனி டம்ளரில் ஊற்றி, வாணலியில் படிந்திருந்ததை முன்பே எடை போட்ட டவலால் ஒற்றியெடுத்து அதையும் எடை போட்டு, டம்ளர்களை இரவு முழுக்கக் குளிரில் வைத்தேன். அப்படித்தான் ஞாயிறு காலை அந்த 38 கிராம் வந்தது.

80/20 டம்ளரில் உறைந்த கொழுப்பு 38 கிராம், அடியில் கூழ் 18 கிராம். டவலில் ஏறியது 4 கிராம். டவலில் இருந்தது பெரும்பாலும் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 42, வடைக்குப் பத்து கிராம் சொச்சம். பச்சையில் 23 கிராம் இருந்ததில் பத்து போக, தட்டுக்கு வருவது 12 அல்லது 13 கிராம். வெந்த எடை மறுபடியும் 79 கிராம்தான். குறைந்த 34 கிராமில் 24 தண்ணீர், பெரும்பகுதி ஆவியாகப் போனது.

90/10 டம்ளரில் கொழுப்பு 7 கிராம்தான், டவலில் 2. வடைக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். பச்சையில் 11, தட்டில் 9. வெந்த எடை 88 கிராம்.

இந்த இரண்டு வரிகளையும் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தின்படி இரண்டு வடைக்கும் உள்ள வித்தியாசம் 12 கிராம் கொழுப்பு. தட்டில் அது 3 அல்லது 4 கிராமாகச் சுருங்கிவிட்டது. கொழுப்பு அதிகமுள்ள கறி அடுப்பில் நிறைய விடுகிறது, குறைவாக உள்ளது தன்னிடம் இருப்பதை விடுவதில்லை. வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில் வாணலியில் வெந்த வடைக்கென்று தனி வரிகள் இருக்கின்றன. 100 கிராம் வெந்த 80/20 வடையில் கொழுப்பு 16 கிராம், புரதம் 24. வெந்த 90/10 வடையில் கொழுப்பு பதினொன்றுக்குக் கொஞ்சம் கீழே, புரதம் 25. என் 79 கிராமுக்கும் 88 கிராமுக்கும் இதைப் பெருக்கிப் பார்த்தேன், கொழுப்பு 12.6 என்றும் 9.4 என்றும் வந்தது. டம்ளர் சொன்னதும் அதுதான். அப்போது வந்த மகிழ்ச்சியைச் சொல்லித் தீராது.

புரதத்தில் சுருக்கம் எதுவும் இல்லை. வெந்த பிறகும் 80/20 வடையில் 19, 90/10 வடையில் 22க்கு மேல். மனைவியின் செயலியில் இத்தனை நாள் ஏறிய 13 கிராம் தவறு. ஒவ்வொரு பர்கர் நாளும் ஆறு கிராம் புரதம் விட்டுப்போயிருக்கிறது. கொழுப்பிலோ எதிர்ப்பக்கம் தவறு: செயலி காட்டியது 16, உண்மையில் 12 அல்லது 13. இப்போது அவள் உருட்டும்போதே பச்சை எடையைப் பதிந்துவிடுகிறாள், புரதத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறாள். கொழுப்புக்கு மட்டும் வெந்த வடைக்கான வரியைத் தேடி, வெந்த எடையோடு போடுகிறாள்.

என் பக்கக் கணக்கு நிறைவுற்ற கொழுப்பு. 80/20 பொட்டலத்தில் ஒரு வடைக்கு 9 கிராம் என்று அச்சடித்திருக்கிறது. நாளொன்றுக்கு இங்குள்ள லேபிள்கள் வைக்கும் அளவு 20 கிராம். வடிந்தது போக வடையில் தங்குவது 5 கிராம் அளவு. 90/10இல் 4க்குக் கொஞ்சம் கீழே. ஒரு கிராம் சொச்சம்தான் வித்தியாசம் என்றால், மேலே வைக்கும் சீஸ் துண்டைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் பொட்டலத்தில் ஒரு துண்டுக்கு மொத்தக் கொழுப்பு 5 கிராம். வடையை மாற்றினால் மொத்தக் கொழுப்பில் 3 அல்லது 4 கிராம்தான் மிச்சம், அந்தத் துண்டை எடுத்துவிட்டால் அதைவிட அதிகம் மிச்சமாகிறது. எடுத்துவிட்டேன்.

விலையையும் போட்டுப் பார்த்தேன். 80/20 பவுண்டில் புரதம் 78 கிராம், 90/10 பவுண்டில் 91. கிராம் புரதத்துக்கு முதலாவது 7 சென்ட், இரண்டாவது ஏழே முக்கால். ஒன்றரை டாலர் வித்தியாசம் கடையில் பெரிதாகத் தெரிந்தது. புரதத்துக்காக வாங்குகிறவர்களுக்கு அது அவ்வளவு பெரிதில்லை.

இதற்கு ஒரு முக்கியமான எல்லை இருக்கிறது. அதை நான் சொல்லாமல் விட்டால் யாராவது தவறாக எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சுருக்கம் முழுவதும் கொழுப்பை வடித்துக் கொட்டுவதால் வருவது. போன மாதம் இதே 80/20 பவுண்டை வெங்காயம், தக்காளி, மசாலா போட்டுக் கொத்துக்கறி வறுவலாகச் செய்தோம். அதில் எதுவும் வடியவில்லை. உருகிய கொழுப்பெல்லாம் மசாலாவில் இறங்கி, கடைசியில் அதைச் சப்பாத்தியால் துடைத்துச் சாப்பிட்டோம். அந்தச் சமையலுக்குப் பொட்டலத்தின் எண்தான் உண்மை: நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 23 கிராம், தாளித்த எண்ணெய் தனி. வறுவலுக்கும் குழம்புக்கும் இனி 90/10 அல்லது 93/7 மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். பர்கருக்கு 80/20 போதும். ருசியிலும் மென்மையிலும் அதுதான் மேல் என்பது வீட்டில் ஒருமனதான கருத்து.

வடித்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சனிக்கிழமை மதியம் வாணலியை ஒற்றி முடித்த பிறகு, முந்தைய வாரங்களில் செய்த மாதிரியே வெங்காயம் வதக்கக் கரண்டியை எடுத்தேன். மனைவி கையைப் பிடித்துவிட்டாள். "போன வாரமெல்லாம் அந்தக் கொழுப்புலயேதானே வெங்காயம் வதக்கினீங்க? வடைக்கு மேல திரும்ப வச்சுட்டா என்னத்த வடிச்சோம்?" அவள் சொன்னது சரி. வெங்காயம் உருகிய கொழுப்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். இப்போது வெங்காயத்தை வேறு சட்டியில், கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்குகிறேன். பத்து நிமிடம் கூடுதலாகிறது.

அடுத்த தடவை 0.1 கிராம் காட்டும் தராசு வாங்க வேண்டும். 85/15ஐ அளந்தபோது வடைக்கு 5 கிராம் வடிந்து 12 கிராம் தங்கியதாக வந்தது, அதாவது 80/20க்குப் பக்கத்தில். என் தராசின் பிழையே அதைவிடப் பெரிது என்பதால் அதை மட்டும் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுப்பைச் சுற்றித் தெறித்த கொழுப்பையும் பிடிக்கவில்லை. வாணலி மேல் எடை போட்ட வலைமூடி ஒன்று வைத்து, அதையும் பிறகு எடை பார்க்கலாம் என்றிருக்கிறேன். 85/15 பவுண்டு ஒன்று உறைபெட்டியில் இருக்கிறது.